இருக்கையில் ஆள் இல்லாதபோது ‘சரி’ சொல்வது யார்?

வாசகர் கடிதம்:

“ஓர் அலுவலகத்தின் 24 கம்ப்யூட்டர்களை நான் ஒருவனே வெளியிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஊழியர்களுடையவை 19, ஆள் உட்காராத மெஷின்கள் 3 (சர்வர், பேக்கப் எடுப்பது, வரவேற்பறைத் திரையை ஓட்டுவது), இரண்டு இயக்குநர்களின் சொந்த லேப்டாப் 2. ஒவ்வொரு முறையும் யாராவது அனுமதி கொடுக்கக் காத்திருக்க முடியாமல், எல்லாவற்றிலும் எனிடெஸ்க் என்ற ரிமோட் கருவியை நிறுவி, அன்அட்டெண்டட் அணுகலுக்கு ஒரே பாஸ்வேர்ட் வைத்தேன். போன வாரம் கணக்குப் பிரிவு அம்மா மதிய இடைவேளை முடிந்து வந்தபோது திரையில் மவுஸ் தானாக நகர்வதைப் பார்த்துப் பதறிவிட்டார். அது நான்தான், அப்டேட் போட்டுக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத நேரம்தானே என்று நினைத்தேன். இப்போது நிர்வாகி எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார். ஆள் உட்கார்ந்து அனுமதி கொடுப்பதுதான் பாதுகாப்பு என்கிறார். நிறுவாமல் ஓடும் சின்ன புரோகிராமை வைத்து அப்படியும் செய்து பார்த்தேன். அட்மின் அனுமதிப் பெட்டி வந்ததும் எனக்குத் திரை கறுத்துப்போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் இணைப்பே போய்விடுகிறது. என் மீது தவறா? எதை வைப்பது, எதை எடுப்பது?”

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அந்த அம்மாவிடம் நீங்களே பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்னும் பேசவில்லை என்றால் இன்றே ஒரு போன் செய்துவிடுங்கள். மவுஸை நகர்த்தியது நீங்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர் பதறியது மிகச் சரியான காரியம். அந்தப் பதற்றம் நாளை உண்மையான திருடன் வரும்போது உங்களைக் காப்பாற்றும். அதனால் “நான்தான், ஒன்றும் இல்லை” என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். “நீங்கள் சொன்னது நல்லது, இனிமேலும் இப்படி நடந்தால் உடனே கேளுங்கள்” என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மீது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு இருக்கிறது, ஆனால் அன்அட்டெண்டட் பயன்படுத்தியதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எல்லா மெஷினையும் ஒரே கண்ணால் பார்த்தது ஒரு தவறு. அந்தச் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது இன்னொன்று. முதலில் இந்த இரண்டாவதைப் பேசுவோம், மற்றவை அதிலிருந்தே வரும்.

ஆள் இல்லாததும் ஆளைக் கேட்காததும்

அன்அட்டெண்டட் என்றால் ஆள் இல்லாத நேரத்தில் நுழைவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்த முறைக்கு இருக்கையில் யாராவது இருக்கிறார்களா என்பது தெரியாது, அது பார்ப்பதும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு சர்வீஸ் ஓடுகிறது. விண்டோஸ் எழுந்தவுடனே, யாரும் லாகின் செய்வதற்கு முன்பே, அது தயாராகிவிடும். சரியான பாஸ்வேர்ட் வந்தால் கதவைத் திறக்கும். நள்ளிரவு 3 மணிக்கும் அப்படித்தான். பகல் 3 மணிக்கு அந்த அம்மா சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும்போதும் அப்படித்தான். நீங்கள் இடைவேளை நேரத்தைப் பார்த்து நுழைந்தது உங்கள் நல்ல மனசு. கருவியில் அப்படி ஒரு கட்டுப்பாடு எதுவும் இல்லை.

அட்டெண்டட் முறையில் அனுமதி அந்த ஒரு முறைக்கு மட்டும். விண்டோஸில் வரும் குவிக் அசிஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். உதவி செய்பவர் ஒரு குறியீடு உருவாக்கித் தருவார். உதவி பெறுபவர் அதைத் தட்டி, திரையைக் காட்டச் சம்மதிக்க வேண்டும். மவுஸையும் கீபோர்டையும் கொடுப்பதற்குத் தனியாக இன்னொரு முறை சம்மதிக்க வேண்டும். அந்தக் குறியீடு கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் உதவி கேட்கும் வழியில் ஒருமுறை மட்டுமே செல்லும் 12 இலக்க எண் வரும். இணைப்பு நீண்டால் ‘இன்னும் பகிரவா’ என்று நடுவே திரும்பக் கேட்கும். வேலை முடிந்து ஜன்னலை மூடினால் அனுமதியும் முடிந்தது. நாளைக்கு மறுபடி வரவேண்டும் என்றால் மறுபடி கேட்டாக வேண்டும்.

ஆக, ஒன்றில் சம்மதம் ஒவ்வொரு முறையும் பிறந்து அப்போதே முடிகிறது. மற்றதில் என்றோ ஒருநாள் கொடுத்த சம்மதம் திரும்பப் பெறும்வரை செல்லுபடியாகிறது. எனவே ஒவ்வொரு மெஷின் முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ‘இப்போது ஆள் இருக்கிறாரா’ என்பது அல்ல. ‘இந்த மெஷினுக்கு உள்ளே வரலாமா என்று கேட்டால், பதில் சொல்ல உரிமையுள்ள ஒருவர் இருக்கிறாரா’ என்பதுதான். கணக்குப் பிரிவு கம்ப்யூட்டருக்கு இருக்கிறார். வரவேற்பறைத் திரைக்குப் பின்னால் உள்ள மெஷினுக்கு இல்லை.

நிர்வாகி சொல்வது பாதிதான் சரி

ஆள் உட்கார்ந்து அனுமதி கொடுத்தாலே பாதுகாப்பு என்று நிர்வாகி நினைக்கிறார். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: போன் மோசடிக்காரர்கள் அதிகம் நம்பியிருப்பது அட்டெண்டட் முறையைத்தான். பாஸ்வேர்ட் திருட வேண்டாம், எதையும் உடைக்க வேண்டாம், ஒருவர் ‘சரி’ அழுத்தினால் போதும். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று இதற்கு நல்ல உதாரணம். ஒரு கும்பல் முதலில் ஊழியரின் மெயில்பெட்டியை வேண்டாத மெயில்களால் நிரப்பும். அவர் திணறிக்கொண்டிருக்கும்போது “ஐடி பிரிவிலிருந்து பேசுகிறேன், இதைச் சரிசெய்து தருகிறேன்” என்று போன் வரும். குவிக் அசிஸ்டைத் திறக்கச் சொல்வார்கள், குறியீடு கொடுப்பார்கள். உள்ளே வந்ததும் தாங்கள் மறுபடி வந்துபோக வேறு ரிமோட் கருவிகளையும் கெட்ட புரோகிராம்களையும் இறக்கிவிடுவார்கள். நிரந்தரச் சாவி செய்வதற்கு ஒருமுறை அனுமதியே வாசலாகிவிடுகிறது, பாருங்கள்.

இதற்கு மருந்து கருவியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. முதல் போன் ஊழியரிடமிருந்துதான் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே ஒருவரைக் கூப்பிட நேர்ந்தால், அவர் போனை வைத்துவிட்டு, அலுவலகத்தில் ஒட்டி வைத்திருக்கும் உங்கள் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும். உங்கள் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும் இதை விடாதீர்கள். முதல் வாரம் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

திரை ஏன் கறுத்தது

இனி உங்கள் நிஜமான தலைவலிக்கு வருவோம். அட்மின் அனுமதிப் பெட்டி வந்ததும் திரை கறுத்ததை அட்டெண்டட் முறையின் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது விண்டோஸின் பூட்டு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அந்தப் பெட்டியை விண்டோஸ் சாதாரண டெஸ்க்டாப்பில் காட்டுவதில்லை, பாதுகாக்கப்பட்ட தனி டெஸ்க்டாப் ஒன்றில் காட்டுகிறது. ஊழியரின் சாதாரண உரிமையில் ஓடும் எந்தப் புரோகிராமும் அதைப் பார்க்கவோ அதில் கிளிக் செய்யவோ முடியாது. நிறுவாமல் ஓடவிட்ட உங்கள் சின்ன புரோகிராமும் அதே சாதாரண உரிமையில் ஓடியதால் வெளியே நிறுத்தப்பட்டது.

திரை மங்காதபடி, அந்த அனுமதிப் பெட்டியைக் காட்டும் யூஏசி அமைப்பைக் குறைத்துவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். உங்களுக்கு வசதியாகும்போது, அந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்த கெட்ட புரோகிராமுக்கும் அதே வசதி கிடைக்கும்.

சரியான வழி இரண்டு இருக்கிறது. முதல் வழி, இணைந்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், செஷன் மெனுவிலிருந்து உரிமையை உயர்த்தக் கேட்பது. எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டிலும் இந்த வசதி உண்டு. எதிரே இருப்பவரை அனுமதிப் பெட்டிக்குப் பதில் சொல்லச் சொல்லலாம், அல்லது அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் பக்கத்திலிருந்தே அனுப்பலாம். ஊழியருக்கு அட்மின் பாஸ்வேர்ட் தெரியக்கூடாது என்பதால் இரண்டாவதையே செய்யுங்கள். அதன்பிறகு அனுமதிப் பெட்டி உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது வழிதான் உங்கள் 19 கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்தும். நீங்களும் நிர்வாகியும் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கருவியை நிறுவுவது வேறு, அன்அட்டெண்டட் அணுகலைத் திறந்துவிடுவது வேறு. நிறுவியது அப்படியே இருக்கட்டும், பாஸ்வேர்டை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்போதும் சர்வீஸ் ஓடும். அதற்கு உயர்ந்த உரிமை இருப்பதால் திரை கறுக்காது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதுவே மறுபடி எழுந்து நிற்கும், யாரும் எதையும் தேடித் திறக்க வேண்டாம். ஆனால் நீங்கள் உள்ளே வரவேண்டுமென்றால் எதிரே ஒருவர் ஏற்றுக்கொள்வதை அழுத்தியே ஆகவேண்டும். அதாவது நிறுவியதன் பலம் உங்களுக்கு, சம்மதம் அவருக்கு.

அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் கணக்கு மென்பொருளை அப்டேட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு மெசேஜ் அனுப்புகிறீர்கள், எப்போது வசதி என்று கேட்டு. அவர் வசதியான நேரத்தில் போன் செய்கிறார், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து மூடுகிறார். உங்கள் கோரிக்கை அவர் திரையில் வருகிறது. அதிலுள்ள எனிடெஸ்க் ஐடி எண் உங்களுடையதுதானா என்று பார்த்து ஏற்கிறார். நீங்கள் அப்டேட்டை ஓட்டுகிறீர்கள், அட்மின் பெட்டி வந்தால் நீங்களே பாஸ்வேர்ட் தட்டுகிறீர்கள். ரீஸ்டார்ட். அவர் தன் பாஸ்வேர்டைத் தானே போட்டு லாகின் செய்கிறார். அதை உங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களும் கேட்க வேண்டாம். மறுபடி கோரிக்கை, மறுபடி ஏற்கிறார். மென்பொருள் சரியாகத் திறக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறீர்கள். நீங்கள் துண்டித்ததும் இணைப்பு முடிந்ததை அவரே கண்ணால் பார்க்கிறார். இரண்டு கிளிக் கூடுதல், அவ்வளவுதான். அதற்காகக் காலமெல்லாம் திறந்த கதவு வேண்டாம்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கருவி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால், ஐடி எண் தெரிந்த யார் வேண்டுமானாலும் கோரிக்கை அனுப்பலாம், அவசரத்தில் ஒருவர் ஏற்றும்விடலாம். செட்டிங்ஸில் அனுமதிப் பட்டியல் இருக்கிறது. உங்கள் எண்ணை மட்டும் அதில் போடுங்கள், மற்றவர்களின் கோரிக்கை திரைக்கே வராது.

எதை வைப்பது, எதை எடுப்பது

இயக்குநர்களின் இரண்டு சொந்த லேப்டாப்பிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டுமல்ல, நிறுவியதையே. அலுவலகக் கம்ப்யூட்டருக்காவது நிறுவனத்தின் எழுத்துபூர்வமான விதி என்று ஒன்று இருக்கலாம். இவற்றில் வீட்டுப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கும், வீட்டில் வேறு யாரோகூடப் பயன்படுத்தலாம். உதவி தேவைப்பட்டால் அன்றைக்கு மட்டும் சின்ன புரோகிராமை ஓட்டிக்கொள்ளட்டும். நான் இந்த வேலையில் புதிதாக இருந்தபோது ஒருவரின் சொந்த லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டு அன்அட்டெண்டட் அணுகலை எடுக்க மறந்துபோனேன். ஒன்றரை வருடம் கழித்து என் பட்டியலில் பெயர் மாற்றி கிளிக் செய்துவிட்டேன். திரையில் அவருடைய மருத்துவப் பரிசோதனை முடிவு திறந்திருந்தது. ஒரு நொடியில் துண்டித்துவிட்டேன், அவரிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் பார்த்ததைப் பார்க்காததாக்க முடியவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்த கையோடு எடுத்துவிடுவதைச் செஷனின் கடைசிப் படியாகவே வைத்திருக்கிறேன்.

சர்வர், பேக்கப், வரவேற்பறைத் திரை ஆகிய மூன்றுக்கும் அன்அட்டெண்டட்தான் சரி. இரவு பேக்கப் நின்றுபோனால் அங்கே போய் அனுமதி அழுத்த யாரும் இல்லை. நிர்வாகியிடம் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இப்போது இருக்கும் நிலையில் வேண்டாம். ஒரே பாஸ்வேர்ட் என்றால், எங்காவது ஒருமுறை கசிந்தாலே எல்லாக் கதவும் திறக்கும். மூன்றுக்கும் மூன்று நீளமான பாஸ்வேர்ட், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, உங்கள் எண் மட்டும் இருக்கும் அனுமதிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செஷன் முடிந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பையும் போடுங்கள். பலர் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆளில்லாத அறையில் அட்மின் லாகினோடு திறந்த திரையை விட்டுவிட்டு வருவது, கதவைப் பூட்டாமல் வருவதேதான்.

உங்கள் பக்கக் கம்ப்யூட்டரையும் யோசியுங்கள். நிரந்தரச் சாவிகள் எங்கே சேர்கின்றனவோ அங்கேதான் திருடன் வருவான். 2024 பிப்ரவரியில் ஸ்கிரீன்கனெக்ட் என்ற ரிமோட் கருவியின் சர்வரில் ஒரு ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல் புதிய அட்மின் கணக்கை உருவாக்கிக்கொள்ளும் அளவுக்கு மோசமானது அது. அதன் தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண் கொடுத்தார்கள். காரணம், அந்த ஒரு சர்வரைப் பிடித்தால் அதோடு நிரந்தரமாக இணைந்திருக்கும் அத்தனை கம்ப்யூட்டரும் கையில் வந்துவிடும். உங்களுக்கு எண்ணிக்கை சின்னது, ஆனால் கணக்கு அதேதான். உங்கள் லேப்டாப் தொலைந்தால் எத்தனை கதவு திறக்கும்? இன்று 24. நான் சொன்னபடி செய்தால் 3, அதுவும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குப் பின்னால்.

ஊழியர் கம்ப்யூட்டரில் இரவு வேலை வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்று மட்டும் பாஸ்வேர்ட் வையுங்கள். முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள். அவர் எல்லாவற்றையும் சேமித்து மூடி, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். நீங்கள் உங்கள் அட்மின் கணக்கில் லாகின் செய்யுங்கள், அவருடைய கணக்கில் வேண்டாம். முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி மெயில் போடுங்கள்.

அப்புறம், அன்அட்டெண்டட் என்றாலே எப்போதும் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தூங்கிப்போன கம்ப்யூட்டரை அந்த சர்வீஸால் எழுப்ப முடியாது, அதனால் அன்றிரவு தூங்காமல் இருக்கும்படி பவர் அமைப்பை மாற்றிவையுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் தொடக்கத்திலேயே பின் எண் கேட்கும்படி இருந்தால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அப்போது விண்டோஸே எழுந்திருக்காது. ரீஸ்டார்ட்டுக்கு முன் அட்மின் உரிமையோடு இந்தக் கட்டளையைக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை பின் கேட்காமல் எழும், பிறகு பூட்டு தானே திரும்பிவிடும்:

```
manage-bde -protectors -disable C: -RebootCount 1
```

இது இருக்கும் நேரத்தில் டிஸ்கின் பூட்டு திறந்த மாதிரிதான். பூட்டிய அலுவலகத்தில் இருக்கும் மெஷினுக்கு மட்டும் செய்யுங்கள்.

யார் வந்தார்கள் என்று பார்ப்பது

பாஸ்வேர்டுகளை எடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. இத்தனை நாள் ஒரே பாஸ்வேர்ட் ஓடியிருக்கிறது, வந்தது நீங்கள் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இந்தக் கோப்பைத் திறங்கள்:

```
%ProgramData%\AnyDesk\connection_trace.txt
```

உள்ளே வந்த ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி இருக்கும். தேதி, நேரம், வந்தவரின் எண், நடுவே ஒரு சொல். அந்தச் சொல்தான் முக்கியம். `User` என்றால் எதிரே இருந்தவர் ஏற்றுக்கொண்டார். `Passwd` என்றால் பாஸ்வேர்டைத் தட்டி வந்தார்கள். `Token` என்றால் முன்பே சேமித்துவைத்த லாகினைக் கொண்டு வந்தார்கள். எண் உங்களுடையது இல்லாத ஒரு வரி இருந்தாலும் அதை நிர்வாகியிடம் மறைக்காதீர்கள். அந்த மெஷினை நெட்டிலிருந்து பிரித்துவிட்டு உடனே சொல்லுங்கள். கோப்பை ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு அப்புறம் பாஸ்வேர்டை எடுங்கள். சேமித்த லாகின்களையும் மறக்காமல் அழியுங்கள்.

அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் இதைப் பார்க்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். போன வாரம் அந்த மதிய வேளையில் பதிவான வரியையும் அதிலுள்ள உங்கள் எண்ணையும் காட்டுங்கள். நடுவில் `Passwd` அல்லது `Token` என்று இருக்கும். அடுத்த அப்டேட் முடிந்ததும் மறுபடி திறந்து காட்டுங்கள். அப்போது அந்த இடத்தில் `User` என்று இருக்கும், அது அவர் அழுத்தியது.